வேலூரிலிருந்து வெளிநாட்டுக்கு பார்சல்: அஞ்சலகக் கவுன்டரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ல எந்த போஸ்ட் ஆபீஸ்ல வெளிநாட்டு பார்சல் எடுப்பாங்க? கையில இன்னா இன்னா எடுத்துனு போவணும்?

முதல் தடவை என்றால் வேலூர் தலைமை அஞ்சலகத்துக்கே (632001) போய்விடுங்கள். காட்பாடி, சத்துவாச்சாரி போன்ற துணை அஞ்சலகங்கள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கலாம். ஆனால் எல்லா வெளிநாட்டுச் சேவையும் எல்லாத் துணை அஞ்சலகத்திலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பொட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கிராமத்துக் கிளை அஞ்சலகத்தை இதற்கு நம்ப வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒட்டாத பொட்டி, அகலமான டேப், கத்தரிக்கோல், அனுப்புகிறவரின் ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், பெறுபவரின் முழு முகவரியும் போன் நம்பரும் மின்னஞ்சலும். இவற்றோடு ஒரு வெள்ளைத்தாளில் சாமான் பட்டியல். எந்தச் சாமான், எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை என்று நான்கு பத்தியாக எழுதி வையுங்கள். கவுன்டரில் நிற்கும்போது சட்டை என்ன எடை, டப்பா என்ன விலை என்று யோசிக்க ஆரம்பித்தால் பின்னால் வரிசை நீளும், படிவமும் தப்பாகும். சமையலறைத் தராசில் வீட்டிலேயே நிறுத்து எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கவுன்டர்ல என்ன கேப்பாங்க, நான் என்ன சொல்லணும்? பேச்சு எப்படித்தான் போகும்?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா ஜெர்மனியில் படிக்கும் மகனுக்குப் பார்சல் போட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

— சொல்லுங்கம்மா.
— ஜெர்மனிக்கு ஒரு பார்சல் போடணும் சார். பையன் அங்க படிக்கிறான்.
— உள்ள என்னம்மா இருக்கு?
— ரெண்டு சட்டை, ஒரு வேட்டி, ரெண்டு புக்கு, ஒரு எவர்சில்வர் டப்பா, இட்லி பொடி, முறுக்கு.
— நெய், மருந்து, சென்ட், பேட்டரி, பவர் பேங்க் எதுனா இருக்கா?
— ஒண்ணும் இல்ல சார். பொட்டிய ஒட்டல, நீங்களே பாத்துக்கங்க.
— எதுல போடட்டும்? இஎம்எஸ்னா சீக்கிரம், காசு கூட. ஏர் பார்சல்னா காசு கொறையும், நாள் ஆகும்.
— எத்தினி நாள்ல போவும் சார்?
— இஎம்எஸ் ஒரு பத்து நாள்னு வச்சிக்கங்க. கஸ்டம்ஸ்ல நின்னா அதுக்கு மேலயும் ஆகும். ஏர் பார்சல் மூணு நாலு வாரம்.
— பொங்கலுக்கு முன்ன கிடைக்கணும். இஎம்எஸ்லயே போடுங்க.
— தராசுல வைங்க. நாலு கிலோ அறுபது கிராம். நாலே கால் கிலோ காசு ஆகும்மா.
— அறுபது கிராமுக்காகவா? எதுனா எடுத்துட்டா?
— எடுத்துட்டா நாலு கிலோ கணக்குல வந்துரும்.
— இந்தப் பொடி பாக்கெட்டு ஒண்ண எடுத்துடறேன். நூறு கிராம்.
— மூணு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. இப்ப ஒட்டிடுங்க. இந்த ஃபாரத்துல ஒவ்வொரு சாமானா எழுதணும். எத்தனை, எடை, விலை, எல்லாம் இங்கிலீஷ்ல.
— மேல ‘கிஃப்ட்’டுன்னு எழுதிட்டா போதாதா சார்?
— அது வேற கட்டம்மா. சாமான் பேர தனித்தனியா எழுதினாத்தான் கம்ப்யூட்டர்ல ஏறும். பையன் போன் நம்பர், மெயில் ஐடி இருக்கா?
— இருக்கு சார். இது என் ஆதார் ஜெராக்ஸ்.
— கீழ கையெழுத்து போடுங்க. டெலிவரி ஆகலன்னா திருப்பி அனுப்பணுமா, அங்கயே விட்றணுமா?
— திருப்பி அனுப்பிடட்டும் சார்.
— அதுக்கு காசு கேக்கலாம், தெரிஞ்சுக்கங்க. இந்தாங்க ரசீது. இதுல இருக்கற நம்பர பையனுக்கு அனுப்பிடுங்க.

கவுன்டரில் நடப்பது இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு இடத்திலும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கீழே உள்ள பதில்கள் இந்த அம்மாவின் பார்சலை வைத்தே சொல்லப்படுகின்றன.

இஎம்எஸ், ஏர் பார்சல், ஐடிபிஎஸ்ன்னு சொல்றாங்க. எதுல போடறது?

இஎம்எஸ் என்பது வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட். மூன்றில் இதுதான் வேகம், செலவும் இதற்குத்தான் அதிகம். ஏர் பார்சலும் விமானத்தில்தான் போகிறது. ஆனால் இங்கும் அங்கும் அதற்கு முன்னுரிமை இல்லாததால் நாள் பிடிக்கும். கனமான பொட்டி, அவசரமில்லாத சாமான் என்றால் ஏர் பார்சல் கட்டுப்படியாகும். ஐடிபிஎஸ் சிறு பொதிக்கானது. இரண்டு கிலோவுக்கு உட்பட்ட பொதி என்றால் கவுன்டரில் இதைக் கேட்டுப் பாருங்கள். எல்லா நாட்டுக்கும் இந்தச் சேவை இல்லை.

கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய தொகையைக் கணக்கில் வைக்காதீர்கள். www.indiapost.gov.in தளத்தில் நாட்டையும் எடையையும் கொடுத்தால் கட்டணம் காட்டும். அதோடு ஜிஎஸ்டி சேரும்.

அறுபது கிராம் கூடினதுக்கு கால் கிலோ காசா? எடைய எப்படித்தான் கணக்கு போடறாங்க?

இஎம்எஸ்ஸில் முதல் 250 கிராமுக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு 250 கிராமுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் கூடுதல் கட்டணம். ‘அதன் பகுதி’ என்பதில்தான் காசு போகிறது. அம்மாவின் பொட்டி 4,060 கிராம். முதல் 250 போக மீதி 3,810. அதை 250ஆல் வகுத்தால் 15 முழுப் படியும் 60 கிராமும் வரும். அந்த 60 கிராமும் ஒரு படியாகவே எண்ணப்படும், ஆக 16 படி. ஒரு பாக்கெட்டை எடுத்த பிறகு 3,960 கிராம். மீதி 3,710, அது 15 படிக்குள் அடங்கிவிடுகிறது. நூறு கிராம் பொடிக்காக ஒரு முழுப் படிக் கட்டணம் மிச்சம்.

வீட்டில் நிறுத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மறப்பது பொட்டியின் எடையை. இந்தப் பார்சலில் சாமான் மட்டும் 3,600 கிராம். ஐந்தடுக்கு அட்டைப் பொட்டியும் உள்ளே திணித்த காகிதமும் 460 கிராம். ஒட்டும் டேப்பும் எடைதான், சுற்றிச் சுற்றி ஒட்டினால் இருபது முப்பது கிராம் ஏறும். அதனால் படியின் விளிம்புக்கு நாற்பது ஐம்பது கிராம் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசுக்கும் அஞ்சலகத் தராசுக்கும் வித்தியாசம் இருக்கலாம், காசு கட்டுவது அவர்கள் தராசின்படிதான்.

அதிகபட்ச எடை நாட்டையும் சேவையையும் பொறுத்தது. பத்துப் பதினைந்து கிலோவுக்கு மேல் என்றால் பொட்டி கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பொட்டிய வீட்லயே நல்லா ஒட்டிட்டு போனா என்ன? அங்க போய் ஒட்டறது ரோதனையா இருக்கே.

உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லலாம், எடை கூடினால் ஒன்றை எடுக்கவும் வேண்டியிருக்கும். ஒட்டிய பொட்டியைக் கிழித்துத் திரும்ப ஒட்டினால் அட்டை பலவீனமாகிவிடும். அடிப்பக்கத்தை மட்டும் வீட்டில் உறுதியாக ஒட்டிக்கொண்டு, மேல் மூடியைத் திறந்தபடி எடுத்துப் போங்கள்.

பழைய பொட்டியை மறுபடி பயன்படுத்தினால் அதிலிருக்கும் பழைய ஸ்டிக்கர், பார்கோடு எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டும். வழியில் இயந்திரம் பழைய பார்கோடைப் படித்துவிட்டால் பொட்டி வேறு திசைக்குப் போகும். டப்பாவை நடுவில் வைத்து, சட்டையும் வேட்டியும் சுற்றி மெத்தை மாதிரி அடைத்துவிட்டால் தனியாகத் தெர்மாகோல் வேண்டியதில்லை. பொட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் உருளக் கூடாது. பொடியை இரண்டு கவருக்குள் போடுங்கள். ஒன்று பிய்ந்தாலும் வேட்டி தப்பிக்கும்.

சிஎன் 22, சிஎன் 23ன்னு ரெண்டு ஃபாரம் சொல்றாங்களே, எனக்கு எது?

இரண்டும் சுங்க அறிவிப்புப் படிவங்கள். சிஎன் 22 சிறியது, விலை குறைந்த சிறு பொதிக்கு ஒட்டுவது. பார்சலுக்கும் சாமான் வைத்த இஎம்எஸ்ஸுக்கும் சிஎன் 23. அம்மா நிரப்பியது சிஎன் 23.

படிவத்தில் எழுதுவதைக் கவுன்டர் ஊழியர் கணினியிலும் ஏற்றுவார். பொட்டி போய்ச் சேருவதற்கு முன்பே அந்தத் தகவல் அந்த நாட்டுச் சுங்கத்துக்கு மின்னணு முறையில் போக வேண்டும் என்பது இப்போதைய விதி. தகவல் போகாத பொட்டியைத் தடுத்து நிறுத்தவோ திருப்பி அனுப்பவோ முடியும். முன்பெல்லாம் காகிதம் மட்டும் ஒட்டி அனுப்பிப் பழகியவர்களுக்கு, இப்போது ஏன் போன் நம்பர், மெயில் ஐடி வரை கேட்டு டைப் அடிக்கிறார்கள் என்று எரிச்சல் வரலாம். காரணம் இதுதான். ஊழியர் டைப் அடித்த பெயரும் எண்களும் சரியா என்று அங்கேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். ரசீது அச்சான பிறகு திருத்துவது சிரமம்.

படிவத்துல சாமான் பேரு எப்படி எழுதறது? ‘துணிமணி’ன்னு ஒரு வரி போதாதா?

போதாது. ‘துணிமணி’, ‘கிஃப்ட்’, ‘சொந்த உபயோகம்’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கணினி ஏற்காது. எந்தப் பொருள், எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். இந்தப் பார்சலுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் சொன்னால்: ஆண்கள் பருத்திச் சட்டை 2, 500 கிராம், 1,400 ரூபாய். பருத்தி வேட்டி 1, 400 கிராம், 600 ரூபாய். அச்சிட்ட புத்தகம் 2, 900 கிராம், 600 ரூபாய். துருப்பிடிக்காத எஃகு உணவு டப்பா 1, 600 கிராம், 450 ரூபாய். வறுத்த பருப்புப் பொடி 4 பாக்கெட், 400 கிராம், 200 ரூபாய். அரிசி மாவு முறுக்கு 700 கிராம், 300 ரூபாய். மொத்தம் 3,500 கிராம், 3,550 ரூபாய்.

‘இட்லி பொடி’ என்று மட்டும் எழுதினால் அங்குள்ள அதிகாரிக்கு அது ஏதோ ஒரு பொடி. பொடி என்றாலே பிரித்துப் பார்ப்பார்கள். உள்பொருள் அச்சிட்ட, கடையில் முத்திரையிட்ட பாக்கெட்டாக வைத்தால் கேள்வி குறையும்.

படிவத்தில் நிகர எடை, மொத்த எடை என்று இரண்டு உண்டு. நிகர எடை சாமானுக்கு, மொத்த எடை பொட்டியோடு சேர்த்து. இங்கே 3,500, 3,960. நிகர எடைகளைக் கூட்டினால் மொத்த எடையைத் தாண்டக் கூடாது. கடைசி நேரத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு, பட்டியலில் 5 பாக்கெட் என்றே விட்டுவிடுவது சகஜமாக நடக்கிற தப்பு. பொட்டியில் ஒன்றை எடுத்தால் எண்ணிக்கை, எடை, விலை மூன்றையும் திருத்துங்கள்.

பொருள் வகைக் குறியீட்டு எண் கேட்டால் ஆறு இலக்கம் கொடுத்தால் போதும். ஆண்கள் பருத்திச் சட்டைக்கு 620520, அச்சிட்ட புத்தகத்துக்கு 490199. ஊழியரின் கணினியிலும் தேட முடியும்.

விலைய கம்மியா போட்டா பையனுக்கு வரி வராதுன்னு சொல்றாங்களே?

ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு எப்போதாவது அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோ மதிப்பு வரை வரியில்லாமல் போகும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று எடுத்தால் அம்மாவின் 3,550 ரூபாய் 36 யூரோவுக்குள் வருகிறது. உண்மை விலையைப் போட்டாலே வரி இல்லை, குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அனுப்பும் நாளின் மாற்று மதிப்பை வைத்து ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

45 யூரோவைத் தாண்டினால் ஜெர்மனியில் 19 சதவீத இறக்குமதி வரி, புத்தகம் போன்ற சிலவற்றுக்கு 7 சதவீதம், பொருளைப் பொறுத்துச் சுங்கத் தீர்வையும் வரலாம். கட்டுவது பெறுபவர். பட்டுப்புடவையை 300 ரூபாய் என்று எழுதினால் சுங்க அதிகாரி நம்பமாட்டார், பில் கொண்டுவரச் சொல்லி மகனுக்குக் கடிதம் போகும். தொலைந்துபோனாலும் அந்த 300 ரூபாய்தான் உங்கள் பொருளின் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும்.

பையனே காசு அனுப்பி வாங்கி அனுப்பச் சொன்னா அது கிஃப்ட்டா? கடைக்காரரே நேரா அனுப்பினா?

இரண்டுமே அன்பளிப்பு இல்லை. பெறுபவர் பணம் கொடுத்திருக்கக் கூடாது, அனுப்புகிறவர் தனிநபராக இருக்க வேண்டும், சாமான் சொந்த உபயோகத்துக்கு இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் 45 யூரோ சலுகை. நீங்கள் காசு கொடுத்து கடைக்காரர் தன் பெயரில் அனுப்பினால் அது விற்பனைப் பொருள், முதல் யூரோவிலிருந்தே இறக்குமதி வரி உண்டு. கடையில் வாங்கி உங்கள் பெயரில் நீங்களே போடுங்கள்.

ஜெர்மனி அட்ரஸ்ல பின்கோடு எங்க எழுதறது? பையன் வேற ஒருத்தர் வீட்ல தங்கியிருக்கான்.

அங்கே ஐந்து இலக்க எண், ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். முனிச் நகரின் மையப் பகுதி என்றால் 80331 என்று எழுதி அதன் பின் ஊர்ப் பெயர். தெருப் பெயருக்குப் பின் வீட்டு எண். கடைசி வரியில் நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. அங்கே அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதில் மகன் பெயர் இல்லையென்றால், முகவரி நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் ‘ஆள் இல்லை’ என்று பொட்டி திரும்பும். மகன் பெயருக்குக் கீழே ‘சி/ஓ’ போட்டு, மணியில் உள்ள வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள். மகனிடம் மணியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுவது உத்தமம்.

நெய், மக்கன் பேடா, ஊறுகாய், கற்பூரம் எல்லாம் வைக்கலாமா? சிஎம்சியில குடுத்த மாத்திரை?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர் பார்சலில் இறைச்சியும் பால் பொருட்களும் உள்ளே வரக் கூடாது. நெய், பால்கோவா, பால் பவுடர், கருவாட்டுக்குப் பதில் சிலர் வைக்கும் உப்புக்கண்டம் எல்லாம் இதில் சிக்கும். ஆற்காடு மக்கன் பேடாவில் கோவாவும் இருக்கிறது, பாகும் இருக்கிறது. சுங்கத்தில் தப்பினாலும் பாகு ஒழுகிப் புத்தகம் பாழாகும். ஊருக்கு வரும்போது சாப்பிடட்டும். கறிவேப்பிலை, காய், விதை எதுவும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும் இதே பதில்தான். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் விமான அழுத்தத்தில் மூடியைத் தாண்டி ஒழுகும், விட்டுவிடுங்கள்.

கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்ற வகையில் ஆபத்தான சரக்கு. பூஜை சாமானோடு சேர்த்து வைத்து எக்ஸ்ரேயில் பிடிபடுவது இதுதான். தீப்பெட்டி, சென்ட், நகப்பூச்சு, பவர் பேங்க் எல்லாமே வேண்டாம். ரூபாய் நோட்டும் வேண்டாம். படிவத்தின் அடியில் நீங்கள் போடும் கையெழுத்து, ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்று நீங்கள் தரும் உறுதி. பொட்டி கட்டியது வேறு யாராக இருந்தாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்கே.

மாத்திரை விஷயத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் தனிநபர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் மருந்து வரவழைப்பதற்கே தடை இருக்கிறது. விமானத்தில் போகும்போது தன் தேவைக்கு எடுத்துப் போவது வேறு சட்டம். சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பி, அங்குள்ள மருத்துவரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

சரியா எத்தனை நாள்ல போய்ச் சேரும்? பத்து நாள்னு சொன்னாங்க, நம்பலாமா?

அது உத்தரவாதம் இல்லை, வழக்கமாக ஆகும் காலம். வேலூரிலிருந்து பொட்டி பெரும்பாலும் சென்னைக்குப் போகும், அங்கே வெளிநாட்டு அஞ்சல் பிரிவில் நம் சுங்கம் பார்க்கும், பிறகு விமானம், பிறகு அந்த நாட்டுச் சுங்கம், கடைசியில் உள்ளூர் விநியோகம். இஎம்எஸ்ஸில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம், ஏர் பார்சலில் இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று மனதில் வையுங்கள். நாள் இழுப்பது பயணத்தில் இல்லை, இரண்டு சுங்கத்தில்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் ஐரோப்பாவில் பார்சல் குவியும். பொங்கலுக்குப் போய்ச் சேர வேண்டியதை டிசம்பர் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒரு வாரமா ட்ராக்கிங் நகரவே இல்ல. தொலைஞ்சு போச்சா?

பெரும்பாலும் இல்லை. ரசீதில் உள்ள எண் EE123456789IN என்பது போன்ற வடிவில் பதின்மூன்று எழுத்தாக இருக்கும். முதல் எழுத்து E என்றால் இஎம்எஸ், C என்றால் பார்சல், கடைசி IN இந்தியாவில் பதிவானது என்பதற்கு. விமானம் ஏறியதிலிருந்து அங்கே முதல் ஸ்கேன் ஆகும்வரை இடையில் எதுவும் பதிவாகாது. இந்தியாவை விட்டுக் கிளம்பியது என்று வந்துவிட்டால், அதே எண்ணை அந்த நாட்டு அஞ்சல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே முன்னதாகவே தகவல் தெரியும்.

நம் சுங்கத்திலேயே நிற்கிறது என்று காட்டினால் உங்களுக்குப் போன் வந்தால் எடுத்துப் பேசுங்கள், விளக்கம் கேட்டு அவர்கள் அழைக்கலாம். அந்த நாட்டுச் சுங்கத்தில் நின்றால் மகனுக்குக் கடிதம் வரும். ஜெர்மனியில் அவர் சுங்க அலுவலகத்துக்கே நேரில் போய்ப் பொட்டியைத் திறந்து காட்டி வாங்க வேண்டியும் இருக்கலாம். இங்கிருந்து நீங்கள் எதுவும் செய்ய முடியாத கட்டம் அது. ஒரு மாதம் ஆகியும் ஒரு அசைவும் இல்லையென்றால் ரசீதோடு போட்ட அஞ்சலகத்தில் புகார் கொடுங்கள், அல்லது 1800 266 6868 எண்ணில் பதியுங்கள். புகாருக்குக் காலக்கெடு உண்டு என்பதால் ‘வரும், வரும்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

டெலிவரி ஆகாம திரும்பி வந்தா யாரு காசு கட்டறது?

கவுன்டர் பேச்சில் கடைசியாக வந்த கேள்வி இதுதான். சிஎன் 23இல் ‘திருப்பி அனுப்பு’, ‘கைவிட்டுவிடு’ என்று தேர்வு செய்யும் இடம் உண்டு. திருப்பி அனுப்பச் சொன்னால் அந்தச் செலவை அனுப்பியவரிடம் கேட்கலாம், பொட்டி வரவும் வாரக்கணக்கில் ஆகும். நான்கு சட்டை, முறுக்கு என்றால் கைவிடச் சொல்வதில் தப்பில்லை. சான்றிதழ், புத்தகம், புடவை என்றால் திருப்பி வாங்குங்கள்.

பொட்டி திரும்புவதற்கு முக்கியக் காரணம், பெறுபவர் வீட்டில் இல்லாதபோது விட்டுப்போன சீட்டைக் கவனிக்காமல் விடுவது. ஜெர்மனியில் டிஎச்எல் கொண்டுவரும் பார்சல் என்றால் பக்கத்துக் கிளையில் பொதுவாக ஏழு வேலைநாள் வைத்திருப்பார்கள். மகன் ஊரில் இல்லாத நாட்களைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

ஆம்பூர்ல செருப்பு பண்றோம், வெளிநாட்டு கடைக்கு ரெண்டு ஜோடி சாம்பிள் அனுப்பணும். இதே ஃபாரம் போதுமா?

‘கிஃப்ட்’ கட்டத்தில் டிக் அடித்து அனுப்பாதீர்கள். படிவத்தில் வணிக மாதிரி, விற்பனைப் பொருள் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. விற்பனை என்றால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் தபால் ஏற்றுமதிப் பட்டியலும் வேண்டும். இதற்காகவே 2022 டிசம்பர் முதல் அஞ்சல் துறை ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறது. அங்கே பட்டியலைக் கணினியிலேயே பதியலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் தங்களுக்கு அருகில் அந்த மையம் எந்த அஞ்சலகத்தில் இருக்கிறது என்று தலைமை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எடைக் கணக்கு, சாமான் பெயர் எழுதும் முறை, பொட்டி ஒட்டுவது எல்லாம் மேலே சொன்னபடியே. செருப்புக்கு மேல்பகுதி தோலா செயற்கைத் தோலா, அடிப்பகுதி எதனால் ஆனது என்று இரண்டையும் எழுதுங்கள், தீர்வை அதை வைத்துத்தான் மாறும்.